பேஸ் கிடாரைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்

படப் பெயர் தெரியாத ஒரு எண்பதுகளின் பாட்டு. குழல், தபேலா, வயலின் கூட்டம் எல்லாம் இருக்கிறது. உடனே "ராஜா பாட்டு" என்று எழுதிவிடுகிறோம். இப்படித் தவறாக ராஜா கணக்கில் சேரும் பாட்டுகளில் ஒன்று 'பட்டுவண்ண ரோசாவாம்'. 1979-ல் வந்த 'கன்னிப் பருவத்திலே' படம், மலேசியா வாசுதேவன் குரல், கிராமத்து மெட்டு. இசை சங்கர்-கணேஷ்.

ஏன் ஏமாறுகிறோம்? அன்றைக்குச் சென்னை ஸ்டூடியோக்களில் வாசித்த கலைஞர்களில் பலர் எல்லா இசையமைப்பாளர்களுக்கும் வாசித்தவர்கள். அதே விரல், அதே குழல். ஆகவே என்ன வாத்தியம் கேட்கிறது என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது அந்த வாத்தியம் என்ன செய்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை உருப்படியான தடயம்.

முதலில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். பேஸ் கிடாரின் கடைசித் தந்தியின் சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரில் அது வராது, அதன் மேல்சுரங்களின் நிழல்தான் வரும். போனில் கேட்டு ஆள் சொல்பவர்களின் கணிப்பு தவறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பேஸ் மட்டும். அது கார்டின் ஆதார சுரத்தைத் தாளத்துக்குத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறதா, இல்லை பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு பாடுகிறதா? பேஸை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். முணுமுணுக்க முடிந்தால் இளையராஜாவின் பக்கம் சாயலாம். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே'யில் இதைச் செய்து பாருங்கள், சந்தேகமே வராது.

இரண்டாம் தடவை, வரிக்கும் வரிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. எம்.எஸ்.வி. பாட்டுகளில் பெரும்பாலும் பாடகர் வரியை முடித்ததும் அக்கார்டியனோ குழலோ வயலினோ வந்து பதில் சொல்லும், அடுத்த வரிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கேள்வியும் பதிலும் மாதிரி. கூடவே பாங்கோஸ், விசில், ஹம்மிங் இருந்தால் கணிப்புக்கு இன்னும் பலம். ராஜாவிடம் வயலின்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. பாடகர் நீட்டிப் பிடிக்கும் ஒரு சுரத்துக்கு அடியிலேயே வேறொரு ஓட்டம் ஓடும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா பொழிகிறதே'யில் கிடார் முன்னிசையோடு நின்றுவிடுவதில்லை. எஸ்.பி.பி. பாடத் தொடங்கிய பிறகும் தந்தி தந்தியாக மீட்டிக்கொண்டே கூட வருகிறது.

மூன்றாம் தடவை இடையிசை. முதல் சரணத்துக்கு முன்னால் வந்ததே இரண்டாம் சரணத்துக்கு முன்னாலும் அப்படியே திரும்பி வந்தால் ராஜாவாக இருக்கும் வாய்ப்பு குறைவு. விதிவிலக்கு உண்டுதான், ஆனாலும் நம்பத்தக்க சோதனை இது.

இன்னொரு கண்ணி: புரோகிராம் செய்த தாளம் கேட்டதும் ரகுமான் என்று சொல்வது. 1986-ன் 'புன்னகை மன்னன்' படத்திலேயே ராஜா கணினி இசையைப் பயன்படுத்திவிட்டார். ரகுமானுக்கு வேறு அடையாளம் பார்க்க வேண்டும். 1992-ல் 'ரோஜா' வந்ததிலிருந்து அவரிடம் அடிக்கடி கேட்பது, ஒரே பேஸ் வட்டம் சுழன்றுகொண்டிருக்க, அதன் மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படுவது. ராஜா பாட்டில் மெட்டுக்கள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போகும். ரகுமானிடம் அடுக்கு தடிமனாகும்.

பின்னாளில் மறுபடி வாசித்துப் பதிந்த வடிவங்களும் கரோக்கி ட்ராக்குகளும் சோதனைக்கு ஆகாது. அவற்றில் முதலில் எளிமையாக்கப்படுவது பேஸும் வயலின் ஓட்டமும்தான்.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. அதைத் தெளிவாகக் காட்டுவது 1986-ன் 'மெல்லத் திறந்தது கதவு'. 'வா வெண்ணிலா' பாட்டுக்கு மேலே சொன்ன சோதனைகளை வைத்தால் விடை ராஜா என்றுதான் வரும். ஆனால் மெட்டு எம்.எஸ்.வி. போட்டது, வாத்திய அமைப்பு ராஜாவுடையது. அதாவது நம் காது கண்டுபிடிப்பது வாத்திய அமைப்பை எழுதியவரை. ராஜா எல்லாப் பகுதியையும் தானே நொட்டேஷனில் எழுதிவிடுவதால் அவர் விஷயத்தில் இரண்டும் ஒருவர்தான். கே.வி.மகாதேவனுக்குப் புகழேந்தி துணை நின்றது போல, உதவியாளர் கை கலந்த பழைய பாட்டுகளில் வாத்தியத்தை விட்டுவிட்டு மெட்டின் போக்கையும் சொல் உட்காரும் விதத்தையும் கேட்க வேண்டும். 'வா வெண்ணிலா'வையே வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் வாயால் மெதுவாகப் பாடிப் பாருங்கள். எம்.எஸ்.வி. அங்கே தெரிவார்.