திருப்புதல் அட்டவணையில் கடினத்தை அளப்பது எப்படி?

தேர்வுக்கான திருப்புதல் நேரத்தை எல்லா அலகுகளுக்கும் சமமாகப் பங்கிடுவதைவிட மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பங்கிடுவது மேல் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பெரிய அலகே வாரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மதிப்பெண்ணை, அந்த அலகு நமக்கு எவ்வளவு கடினம் என்பதை 1 முதல் 3 வரை காட்டும் கடின எண்ணால் பெருக்கி, வரும் விகிதத்தில் நேரத்தைப் பிரிப்பதே சரி என்பது என் கருத்து.

100 மதிப்பெண் தாள் ஒன்றின் பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள் முறையே 30, 25, 20, 15, 10 மதிப்பெண் பெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் கடின எண்கள் 1, 2, 1, 3, 2 என்றால், பெருக்கி வருபவை 30, 50, 20, 45, 20, கூட்டுத்தொகை 165. வாரத்தில் கிடைக்கும் 12 மணி நேரத்தில் ஒன்றை, ஏதேனும் ஒரு நாள் தவறும் என்பதற்காக, ஒதுக்கிவைத்துவிட்டால் மீதி 11 மணி நேரம். அதாவது 15 புள்ளிக்கு ஒரு மணி நேரம். இப்போது 30 மதிப்பெண் அலகுக்கு இரண்டு மணி நேரமும், அதில் பாதி மதிப்பெண்ணே உள்ள நான்காம் அலகுக்கு மூன்று மணி நேரமும் கிடைக்கின்றன. 25 மதிப்பெண் அலகுக்கு மூன்று மணி இருபது நிமிடம். மற்ற இரண்டுக்கும் ஒரு மணி இருபது நிமிடம் வீதம்.

இந்தக் கணக்கு முழுவதும் கடின எண்ணை நம்பியே நிற்கிறது; அதை மனத்தில் தோன்றியபடி இடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் கோளாறு. நேற்றுப் படித்த பாடம் எளிதாகவும், பிடிக்காத பாடம் உள்ளதைவிடக் கடினமாகவும் தோன்றும். ஆகவே ஒவ்வோர் அலகிலிருந்தும் பழைய வினாக்கள் சிலவற்றைப் புத்தகத்தை மூடிவைத்து, நேரக் கட்டுப்பாட்டுடன் எழுதித் திருத்த வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் வந்தால் 1, பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் என்றால் 2, பாதிக்குக் கீழே என்றால் 3. (இந்த எல்லைகள் என் வசதிக்கு நான் வைத்துக்கொண்டவை, சற்று மாற்றினாலும் குற்றமில்லை.) வினாத்தாளில் 'இது அல்லது அது' என்ற தெரிவு இருந்தால், ஓர் அலகின் வினாக்களில் தவிர்க்க முடியாதவற்றின் மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் எடுப்பது நல்லது.

கிடைத்த மூன்று மணி நேரத்தை ஒரே அமர்வில் தீர்க்காமல், 45 நிமிடம் வீதம் நான்கு நாள்களில் பரப்பினால், இடையில் மறந்தவை எவை என்பதும் தெரியவரும்.

வார இறுதியில் அதே அளவில் புதிய வினாக்களை எழுதிக் கடின எண்ணைத் திருத்த வேண்டும். நான்காம் அலகு 3-இலிருந்து 2-க்கு இறங்கினால் கூட்டுத்தொகை 150 ஆகி, அதன் பங்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கும். மிச்சம் மற்றவற்றுக்குத் தானாகவே போய்ச் சேரும். மாறாக, இரண்டு மூன்று வாரங்களாகியும் அந்த எண் 3-லேயே நின்றால், அது மறதி அன்று, பாடம் புரியாமை. அந்த அலகின் அடுத்த வார நேரத்தைத் திருப்புதலுக்குத் தராமல், ஆசிரியரிடம் பாடத்தை முதலிலிருந்து கேட்பதற்குத் தருவதே பொருந்தும்.