"கன்வேயர் பக்கம் ரொம்ப பஹாயா" என்று எழுதினால் யார் வந்து எதைப் பார்ப்பது?

போன ஞாயிறு கோயில் கமிட்டி கூட்டம் முடிந்து கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஆலையில் வேலை செய்யும் மச்சான் ஒருவர் சலித்துக்கொண்டார். "சேஃப்டிக்கு ரிப்போர்ட் எழுதி என்னலா பிரயோசனம்? மூணு வாட்டி எழுதிட்டேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல." என்ன எழுதினீங்க என்று கேட்டேன். போனில் படம் பிடித்து வைத்திருந்தார், காட்டினார். "கன்வேயர் பக்கம் ரொம்ப பஹாயா. நடவடிக்கை எடுக்கவும்." மூன்று தாளிலும் அதே ஒரு வரி, ஆபத்து என்று மட்டும் சொல்லும் வரி.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றுதான் அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. மச்சான், இதைப் படித்தால் மன்னிக்கவும். நானும் முதலில் இப்படித்தான் எழுதினேன்.

தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில் எனக்குப் பதினேழு வருஷம் ஆகிறது. ஆலை பேர் வேண்டாம். திரெஷர் ஸ்டேஷனில் என் வேலை. வேக வைத்த குலையை திரெஷர் சுழற்றிப் பழத்தை உதிர்க்கும். மிஞ்சும் வெற்றுக் குலையை, நாங்கள் தண்டான் கோசோங் என்போம், ஒரு ரப்பர் பெல்ட் வெளியே கொண்டுபோய்க் கொட்டும். அந்த பெல்ட்டின் வால் பக்கத்து டிரம்மை மூடியிருக்க வேண்டிய இரும்புத் தடுப்பை, நாங்கள் கார்டு என்போம், காணவில்லை. கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள், அதன் மேல் சிலந்தி கூடு கட்டும் அளவுக்கு.

நான் எழுதியது: "தண்டான் கோசோங் கன்வேயரில் கார்டு இல்லை, ஆபத்து." சேஃப்டி ஆபீசர் நல்ல பையன். மலாய்க்காரர், என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் காலையே வந்தார். வந்து மோட்டார் இருக்கும் தலைப் பக்கம் பார்த்தார். அங்கே கார்டு இருந்தது. படம் எடுத்துக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று எழுதி முடித்துவிட்டார். அன்று காலை குலை வரத்து இல்லாததால் பெல்ட்டும் ஓடவில்லை. நான் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இருபத்து நாலு மீட்டர் நீளமுள்ள சாமானில் எந்த முனை என்று நான் சொல்லவில்லை. இடம் என்று ஃபாரத்தில் கேட்பதற்கு மெஷின் பேரை எழுதினால் போதாது. நாம் தினமும் நிற்கிற இடம் என்பதால் அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது தாளுக்குக் காரணம் ஒரு மண்வெட்டி. பெல்ட்டுக்கு அடியில் நாரும் துண்டுக் குலையும் கொட்டிக் குவியும். நேப்பாளப் பையன் ஒருவன், பெல்ட் ஓடும்போதே, குனிந்து வாரிக்கொண்டிருந்தான். திரும்பி வரும் பெல்ட் டிரம்மைத் தொடுகிற அந்த அடி இடுக்கில் மண்வெட்டியின் ஓரம் பட்டது. நாங்கள் திரும்பிப் பார்க்கும்போது மண்வெட்டி அவன் கையில் இல்லை. பிடி சட்டத்தில் அடித்து இரண்டாகக் கிடந்தது. நல்லவேளை அவன் கையுறை போட்டிருக்கவில்லை. கையுறை நூலைத்தான் டிரம் முதலில் பிடிக்கும். சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் கையுறை காப்பாற்றாது, இழுத்துக் கொடுக்கும். சேஃப்டி என்றாலே கையுறை, ஹெல்மெட் என்று நினைக்கும் சூப்பர்வைசர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அப்போதே மண்டோரிடம் சொல்லி பெல்ட்டை நிறுத்தினோம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆள் கையை இழுக்கப் போகிற ஆபத்துக்குத் தாள் எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது. முதலில் வாயால் சொல்லி நிறுத்த வேண்டும், எழுத்து அதற்குப் பிறகு. நம் மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. ஆபத்தைச் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்பதோ முன்பிருந்தே இருக்கிறது. ஒப்பந்தக்காரன் கீழே இருக்கும் பையனுக்கு இதையெல்லாம் யார் சொல்வது என்பது வேறு கதை.

இரண்டாவது தாளில் இடத்தை இப்படி எழுதினேன்: "திரெஷர் ஸ்டேஷன், தரைத் தளம். தண்டான் கோசோங் பெல்ட்டின் வால் டிரம், ஸ்டெரிலைசரைப் பார்த்த பக்கம், மூன்றாம் தூணிலிருந்து இரண்டு எட்டு. பெல்ட் ஓடும்போது வந்து பார்க்கவும். இரவு ஒன்பதுக்கு மேல் கொட்டுவது அதிகம்." தூணில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்தேன்.

ஃபாரத்தில் அடுத்த கட்டம் ரிசிகோ, அதாவது ஆபத்து எவ்வளவு என்பது. இதில்தான் எல்லோரும் "கை போகும், உயிர் போகும்" என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது பழகிப்போன வாசகம். நான் பெல்ட்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அது சுற்றி வர எவ்வளவு நேரம் என்று தள்ளி நின்று போனில் பார்த்தேன். போய் வரும் சுற்று மொத்தம் 48 மீட்டர், 60 வினாடி. ஆக வினாடிக்கு 80 சென்டிமீட்டர். மெதுவான பெல்ட்தான், பார்த்தால் பயமே வராது. ஆனால் ஏதோ இழுக்கிறது என்று உணர்ந்து கையை விடுவதற்கு அரை வினாடி ஆகும் என்று வையுங்கள், அதற்குள் 40 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். விரல் நுனியிலிருந்து அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட முழங்கை. அவசரத்துக்கு இழுக்கும் கயிறு இருக்கிறது, ஆனால் அது பெல்ட்டின் மறுபக்கம். வாருகிறவன் கைக்கு எட்டாது. ஒரு ஷிப்டில் ஐந்தாறு முறை வாருகிறார்கள், ஒவ்வொரு முறையும் ஓர் ஆள், பெல்ட் ஓட ஓட. மண்வெட்டி போன தேதியும் மணியும் எழுதினேன், உடைந்த பிடியின் படத்தையும் சேர்த்தேன்.

புள்ளி போடுவதை நான் செய்யவில்லை. நம் நாட்டில் ஹைராக் என்று ஒரு கணக்கு உண்டு. நடக்கும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, விளைவின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து, இரண்டையும் பெருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ஆபத்து, உடனே கை வைக்க வேண்டும். 5 முதல் 12 வரை நடுத்தரம், திட்டம் போட்டுச் செய்யலாம். ஆபீசர் வாய்ப்புக்கு 4 போட்டார். கடுமைக்கு 3, அதாவது நிரந்தர ஊனம். 12. நடுத்தரம்! போய்க் கேட்டேன். "என்சிக், குனிந்து வாருகிறவன் தலை எங்கே இருக்கிறது? கை போனால் தோளும் தலையும் சட்டத்தில் போய் மோதும்." அவர் வந்து, நிறுத்தி வைத்த பெல்ட் பக்கம் தானே குனிந்து பார்த்தார். கடுமையை 4 ஆக்கினார், 16 ஆயிற்று. ஒரே ஒரு புள்ளி, அடுத்த மாத வேலை இந்த வார வேலையானது. எண்ணைப் போடுவது அவர் பொறுப்பு. குனிகிற ஆளை அவர் கண்முன் நிறுத்துவது நம் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

இனி சடாங்கான், அதாவது யோசனை. "அது என் வேலையில்லை, ஆபீசருக்குத் தெரியும்" என்று பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். எனக்கு இது ஒத்துக்கொள்ளவே முடியாத பேச்சு. கார்டைத் திரும்ப மாட்டவும் என்று எழுதினால் மாட்டுவார்கள், நாலே நாளில் மறுபடி கழற்றுவார்கள். ஏன் கழற்றுகிறார்கள் என்பது ஆபீஸில் இருப்பவருக்குத் தெரியாது, ஃபிட்டருக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஃபிட்டர் அண்ணனைக் கேட்டேன். "கிரீஸ் அடிக்கிற நிப்பிள் கார்டுக்கு உள்ளே இருக்குடா. பெல்ட்ட நேராக்குற போல்ட்டும் உள்ளே. ஒவ்வொரு வாரமும் எட்டு நட்டைக் கழட்டி மாட்ட எனக்கென்ன கிறுக்கா?" நியாயமான கேள்வி. பெல்ட் ஏன் அடிக்கடி கோணுகிறது என்றால், தலைப் பக்கத்தில் ஒட்டியதை வழிக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. வழிக்கப்படாத நார் திரும்பும் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்து வழியெல்லாம் உதிர்கிறது. கொஞ்சம் பெல்ட்டின் உள்பக்கம் விழுந்து வால் டிரம்மில் மாட்டுகிறது. பெல்ட் கோணும், ஓரமாகக் கொட்டும், கொட்டினால் வார ஆள் வரும், கோணினால் ஃபிட்டர் கார்டைக் கழற்றுவார். எல்லாம் ஒரே சங்கிலி.

அதனால் இப்படி எழுதினேன். இன்றே: கார்டு வரும்வரை அங்கே வாருவதானால் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு வார வேண்டும், சாவி வாருகிறவன் பையில். இந்த வாரம்: கிரீஸ் போகும் செப்புக் குழாயைக் கார்டுக்கு வெளியே நீட்டவும், போல்ட்டுக்கு ஸ்பேனர் மட்டும் நுழைகிற ஓட்டை விடவும், அதன் பிறகு கார்டை மாட்டவும், விரல் நுழையாத வலையாக இருந்தால் உள்ளே டிரம் தெரியும், பார்ப்பதற்காகக் கழற்ற வேண்டாம். கயிற்றை இரு பக்கமும் போடவும். மில் நிற்கும் நாளில்: தேய்ந்த ரப்பரை மாற்றவும், வால் டிரம்முக்கு முன்னால் பெல்ட்டின் உள்பக்கத்தில் விழுந்ததைத் தள்ளிவிடும் வி வடிவ வழிப்பான் ஒன்று வைக்கவும்.

"கவனமாக வேலை செய்யச் சொல்லவும், போர்டு வைக்கவும்" என்று நான் எழுதவில்லை. போர்டு ஏற்கெனவே இருந்தது, மலாயில். வாருகிற பையனுக்கு நேப்பாளி மட்டும்தான் படிக்கத் தெரியும்.

பூட்டு அன்றே வந்தது. கார்டும் கிரீஸ் குழாயும் எட்டு நாளில் முடிந்தன. கயிறு மூன்று வாரம் ஆனது. வழிப்பான் மட்டும் இன்னும் வரவில்லை, கோட்டேஷன் என்கிறார்கள். கொட்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன், கார்டின் எட்டு நட்டில் இரண்டைக் காணோம். தாளை எடுத்து இடம் என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன்: அதே டிரம், கீழ் வரிசை, இடது மூலை இரண்டு. ஏன் கழன்றது என்று ஃபிட்டர் அண்ணன் நாளை ஷிப்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை நிரப்ப வேண்டும்.