அந்தப் படத்தில் available எங்கே?

போன ஞாயிறு ஈசூனில் புளோக்குக்குக் கீழே தொண்டூழியர்கள் நடத்திய இலவசப் பழுதுபார்ப்பு பற்றியும், அன்று ராத்திரி வந்த பதிவு பற்றியும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். “யாரோ ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டு அந்த அம்மாவின் லேப்டாப்பைக் கஷ்டப்படுத்தியிருந்தார், பப்பி லினக்ஸ் போட்டதும் ரேம் பயன்பாடு எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள்” என்று ஒரு படத்தோடு எழுதியிருந்தார்கள். அந்த யாரோ நான்தான். அந்த அம்மா என் அத்தை. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நேற்று அத்தை வீட்டுக்குப் போய் வந்தபிறகு இருக்க முடியவில்லை.

லேப்டாப் 2009-இல் வாங்கியது. ஆட்டம் என்270 சிப், 32 பிட் மட்டும்தான் ஓடும். ரேம் 1 ஜிபி. உபுண்டு குடும்பத்திலெல்லாம் 32 பிட்டைக் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன. அதனால் என் முன்னால் இருந்தது இரண்டே பேர்: ஆன்டிஎக்ஸ், பப்பி. இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் ஆன்டிஎக்ஸ் 23-ஐ ஹார்ட்டிஸ்க்கில் நிறுவி, ரேம் போதாதபோது உதவ அதிலேயே 2 ஜிபி ஸ்வாப் ஒதுக்கிக் கொடுத்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ரேம் குறைவாக இருக்கும் மெஷினில், ரேமிலேயே ஓடும் சிஸ்டம் லாபமில்லை, செலவு.

பப்பி ஏன் வேகமாக இருக்கிறது? அதன் மொத்த சிஸ்டமும் sfs என்ற சுருக்கப்பட்ட கோப்புகளில் இருக்கிறது. தம்ப்டிரைவிலிருந்து பூட் ஆகும்போது அந்தக் கோப்புகளைத் தூக்கி ரேமில் வைத்துக்கொள்கிறது. ஞாயிறன்று அத்தைக்குப் பப்பியைத் தம்ப்டிரைவில் போட்டுக்கொடுத்த தம்பி கூடுதலாக பூட் வரியில் `pfix=copy` என்றும் எழுதியிருந்தார், அதாவது கட்டாயம் ரேமுக்கு நகலெடு என்று. 4 ஜிபி இருந்தால் அருமையான ஏற்பாடு. 1 ஜிபியில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. நேற்று நான் எடுத்த கணக்கு இது, எல்லாம் எம்பியில்:

```
$ free -m
      total  used  free  shared  buff/cache  available
Mem:    990   124    96     552         770        248
```

பதிவில் வந்த படம் `used` கட்டத்தோடு வெட்டப்பட்டிருந்தது. 124 என்று பார்த்தால் யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ரேமில் நகலெடுத்த கோப்புகள் `used`-இல் வராது, `shared`-இல் வரும், அங்கிருந்து `buff/cache`-இலும் சேரும். அந்த 552-ஐப் பாருங்கள். புதிதாக ஒரு நிரலைத் திறக்க எவ்வளவு மிச்சம் என்று சொல்வது கடைசிக் கட்டமான `available` மட்டும்தான். அது 248. இதே லேப்டாப்பில் ஆன்டிஎக்ஸ் எழுந்து நிற்கும்போது அந்தக் கட்டத்தில் 700-க்கு மேல் இருந்தது.

“ஆன்டிஎக்ஸிலும்தான் கேஷில் கோப்புகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுதானே” என்று கேட்பார்கள். ஒன்றில்லை. ஹார்ட்டிஸ்க்கில் நிறுவிய சிஸ்டத்தில் ஒரு நிரலைத் திறந்தால் தேவையான பக்கங்கள் மட்டும் ரேமுக்கு வருகின்றன. இடம் போதாதபோது கெர்னல் அவற்றை அப்படியே உதறிவிடலாம், மூலம் வட்டில் பத்திரமாக இருக்கிறது. பப்பி ரேமில் நகலெடுத்ததை உதற வழியில்லை. கெர்னலுக்குத் தெரிந்தவரை அதன் ஒரே பிரதி அங்கேதான். ஆகவே நெருக்கடி வந்தால் அதை ஸ்வாப்புக்குத் தள்ளுகிறது. பப்பி ஹார்ட்டிஸ்க்கில் நான் வைத்திருந்த ஸ்வாப்பைத் தானே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது. தம்ப்டிரைவிலிருந்து ரேம், ரேமிலிருந்து பழைய ஹார்ட்டிஸ்க், தேவைப்படும்போது மறுபடி ரேம். அத்தை ஃபயர்ஃபாக்ஸைத் திறந்ததும் மவுஸ் அம்பு நின்றுவிட்டது, ஹார்ட்டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. உங்கள் மெஷினிலும் அந்த விளக்கு அப்படி எரிந்தால் இதுதான் நடக்கிறது.

“`pfix=nocopy` போட்டால் தீர்ந்தது” என்று சொல்லப் போகிறவர்களுக்கு: சரிதான், தீரும். ரேம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அப்போது ஒவ்வொரு முறையும் தம்ப்டிரைவிலிருந்து சுருக்கிய கோப்பைப் படித்து, அந்தச் சின்ன ஆட்டம் சிப்பே விரித்துக் கொடுக்க வேண்டும். பப்பியைத் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடுகிறதே.

நான் பப்பிக்கு எதிரி இல்லை. 2012-இல் ஹார்ட்டிஸ்க் செத்துப்போன என் லேப்டாப்பை எட்டு மாதம் ஓட்டியது பப்பிதான். புது டிஸ்க் வாங்கக் காசில்லாத சமயம். ஒரு தம்ப்டிரைவைச் செருகி, அதிலேயே படித்து, அதிலேயே வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். பேரி காலர் 2003-இல் தொடங்கி வைத்த அந்தச் சிஸ்டத்தின்மேல் எனக்கு நன்றி உண்டு. அந்த லேப்டாப்பில் 2 ஜிபி ரேம் இருந்தது, டிஸ்க் இல்லை. அத்தையின் லேப்டாப்பில் டிஸ்க் நன்றாக இருக்கிறது, ரேம்தான் இல்லை. நோய் வேறு, மருந்து வேறு.

அப்புறம், “32 பிட்டே முடியப் போகிறது, இவ்வளவு சண்டை எதற்கு” என்று ஒருவர் எழுதியிருந்தார். டெபியன் 13-இல் 32 பிட் கெர்னல் இல்லை, தெரியும். அத்தைக்கு 72 வயது. அவருக்கு இணையம்கூட அவ்வளவாக வேண்டாம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் தாத்தா வேலை பார்த்ததையும், அந்தக் குடியிருப்பில் தான் வளர்ந்ததையும் எழுதி வைக்கிறார். ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும் தமிழும் போதும். அந்தத் தமிழுக்காக நான் `~/.desktop-session/startup` கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன்:

```
setxkbmap -layout us,in -variant ,tam_tamilnet -option grp:alt_shift_toggle
```

Alt-உம் Shift-உம் சேர்த்து அழுத்தினால் தமிழ்99. விசைகளின் இடத்தை ஒட்டுத்தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டி, நான்கு வாரம் உட்கார்ந்து பழகினார். பப்பியில் தமிழ் வராது என்று நான் சொல்லவில்லை, யாராவது உட்கார்ந்து அமைத்தால் வரும். யாரும் அமைக்கவில்லை. திங்கட்கிழமை முழுக்க ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறார். “ஏதோ நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்டா” என்றார்.

அது கூடப் பரவாயில்லை. தம்ப்டிரைவில் பப்பி ஓடும்போது எழுதுவதெல்லாம் முதலில் ரேமில்தான் நிற்கிறது. இடையிடையே, அல்லது ஒழுங்காக மூடும்போது, சேமிப்புக் கோப்புக்குப் போகிறது. தம்ப்டிரைவ் சீக்கிரம் தேயாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ போய்விட்டது, நேராக மின்சாரத்தில்தான் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை மெஷின் உறைந்துபோய் நின்றது. அத்தை அரைமணி காத்திருந்து பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்துவிட்டார். சேவ் பட்டனை அழுத்தித்தான் இருந்தார். எழுதிய இரண்டு பக்கமும் இல்லை. தாத்தா மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த இடம்.

“இலவசமாகச் செய்கிற தொண்டூழியர்களை இப்படிக் குறை சொல்லலாமா” என்று கேட்பீர்கள். நானும் அதே மேசையில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் இருப்பவர் அதில் என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது. தமிழ் தெரிந்த தம்பிதான் அவரும்.

நேற்று தம்ப்டிரைவைக் கழற்றி, பயாஸில் ஹார்ட்டிஸ்க்கை முதலில் வைத்துவிட்டு வந்தேன். ஆன்டிஎக்ஸ் அப்படியே இருந்தது, பழைய பக்கங்களும் இருந்தன. அத்தை சைக்கிள் கதையை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறார், முன்பு மாதிரி வரவில்லை என்கிறார். தம்பி, பதிவை நீக்க வேண்டாம். அந்தப் படத்தை வலது ஓரம் வரை முழுசாகப் போடுங்கள்.