படகு விட்டது போதும், பள்ளத்த மூடுங்க!

மழைக்காலத்துல மார்த்தாண்டத்துல இருந்து களியக்காவிளைக்கு பைக்குல போறவங்களுக்கு அந்த மீம் விளக்காமலே புரியும். ரோட்டுப் பள்ளத்துல ஒரு படகு. மேல, 'திற்பரப்புக்குப் போகாண்டாம், படகு சவாரி இங்கயே உண்டு'. எல்லாரும் ஓவரா அடிச்சு விடுறாங்கன்னு சிரிக்காங்க. எனக்கு வயிறு எரியுது. அது ஓவரே இல்ல!

தண்ணி நிக்குற பள்ளத்துக்கு ஆழம் தெரியாது. ரெண்டு விரக்கடையா, முழங்காலளவா? எதிர்ல டாரஸ் லாரி ஹெட்லைட்டு கண்ணக் குத்துது, ஒதுங்க ஓரம் இல்ல. பிரேக் பிடிக்கணுமா, வளைக்கணுமான்னு முடிவெடுக்குற அந்த நொடியில, முன்னால கிடக்குறது குளந்தான். நம்ம மனசு நெசமாவே கண்டத வரைஞ்சதுனாலதான் அந்தப் படகுக்கு இவ்வளவு சிரிப்பு. டிராபிக் மீமும் இப்படித்தான். களியக்காவிளையில மாட்டுன மாப்பிள்ள மண்டபம் வந்து சேரும்போது அவருக்கு அறுபதாங் கல்யாணமாம். வண்டிய அணைக்கவும் முடியாம, நகத்தவும் முடியாம நிக்குறவனுக்கு நேரம் அப்படித்தான் நீளும்.

2019 செப்டம்பர்ல பெங்களூர் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி எடுத்த வீடியோவப் பாருங்க. விண்வெளி உடுப்புல ஒருத்தர் நிலாவுல மெதுவா நடந்து போறாரு. நம்பிக்கிட்டே இருக்கும்போது பக்கத்துல ஒரு ஆட்டோ போவுது! நிலா இல்ல, ரோடு. சந்திரயான்-2 நிலாவுல இறங்கப் போற சமயம் வேற. கொஞ்ச நாள்லயே அந்த ரோட்ட சரி பண்ண ஆள் வந்துச்சு. அது எந்த ரோடுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே, எப்படி வராம இருப்பாங்க?

நம்ம படகு மீம்ல இடம் எங்க? எந்த வளைவு, எந்தப் பாலம், எந்தக் கடைக்கு முன்னால? ஒண்ணும் கிடையாது. எந்த ஊருக்கும் பொருந்துற படம்னா எந்த அதிகாரிக்கும் உறைக்காது.

அப்படியே ஆள் வந்தாலும் வேலை எப்படி நடக்குதுன்னு பாத்திருக்கீங்களா? ஈரப் பள்ளத்துலயே தார் ஜல்லியக் கொட்டி, மண்வெட்டியால நாலு தட்டு தட்டிட்டுப் போறாங்க. பள்ளத்து ஓரத்த உறுதியான தார் வரைக்கும் சதுரமா வெட்டணும், தண்ணியும் தூசியும் எடுக்கணும், அடியிலயும் பக்கத்துலயும் தார் பூசணும், அப்புறம் கலவையப் போட்டு இறுக்கணும். இல்லேன்னா அடுத்த மழைத் தண்ணி ஓரத்து இடுக்குல இறங்கும், பாறாங்கல் ஏத்துன லாரி மேல ஏறி அமுக்கும், ஜல்லி தாரை விட்டுப் பேந்து வரும். ஒட்டுன இடத்தோட விளிம்பு வட்டமா, பிசிறா கிடந்தா அது வெட்டாம போட்ட ஒட்டு. பாத்த உடனே சொல்லிடலாம்.

மீம் போடுற பிள்ளைகளே, படகு விடுங்க, முதலை விடுங்க, கப்பலே விடுங்க. ஆனா பக்கத்துக் கடை போர்டு படத்துல தெரியணும், தேதி இருக்கணும். ஒட்டுப் போட்டுட்டுப் போன பிறகு அதே இடத்துல நின்னு அந்தப் பிசிறு விளிம்பையும் ஒரு படம் எடுங்க.