விதி உடையவில்லையாம், கவுண்ட் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறதாம்

நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறுபடியும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: எலியட் அலை முறையில் வகுப்பு எடுக்கும் நம் ஆசான், சார்ட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு அலை எண் ஒட்டி, அந்தக் கவுண்டை வைத்து வாங்கச் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "உங்கள் கவுண்ட் எந்த விலையில் ரத்தாகும்?" பதிலாக வந்தது, "முதலில் மூன்று விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்." அதற்கு ஒரு கூட்டமே கைதட்டியது. சரி. விதிகளைப் பற்றியே பேசுவோம்.

போக்கின் திசையில் ஓடும் நகர்வை ஐந்து அலைகளாக எண்ணும் இந்த முறையில் விதி மூன்றுதான். இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றில் மூன்றாம் அலை மிகக் குட்டையானதாக இருக்கக் கூடாது. நான்காம் அலை, முதல் அலையின் விலைப் பகுதிக்குள் நுழையக் கூடாது. ஆப்பு வடிவில் ஓடும் டயகனல் மட்டும் இதற்கு விலக்கு. மற்றதெல்லாம், அதாவது ஃபிபொனாச்சி விகிதங்கள், இரண்டும் நான்கும் வேறு வேறு வடிவத்தில் வரும் என்பது, சேனல் போடுவது, எல்லாமே வழிகாட்டிகள். மீறினால் கவுண்ட் அழகு குறையும், செத்துப்போகாது. இவ்வளவும் எனக்குத் தெரியும், ஐயா. தெரிந்ததால்தான் கேட்டேன்.

அந்த மூன்று விதிகளும், நீங்கள் ஏற்கெனவே ஒட்டிவிட்ட எண்களைத்தான் சோதிக்கின்றன. எந்த எண்ணை எங்கே ஒட்டுவது என்று அவை சொல்வதே இல்லை. முதல் அலை எங்கே தொடங்கியது, இப்போது ஓடுவது போக்கோடு ஐந்து அலையாக ஓடும் இம்பல்ஸா அதற்கு எதிராக வரும் திருத்தமா, இந்த அலை எந்தப் படிநிலையைச் சேர்ந்தது, இவை மூன்றையும் கண்ணால் பார்த்து நாம்தான் முடிவு செய்கிறோம். விதி வேலை செய்ய ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். "எந்த விதியும் உடையவில்லை" என்றால் அந்தக் கவுண்ட் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அது சரியானது என்று பொருள் அல்ல. அதே சார்ட்டில் இன்னும் மூன்று கவுண்ட் ஆட்டத்தில் இருக்கலாம்.

நேற்றைய படத்தையே எளிய எண்களில் சொல்கிறேன். விலை 100-இலிருந்து 120-க்கு ஏறியது. 108-க்கு இறங்கியது. அங்கிருந்து 150. பிறகு 118. இதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ண முடியாது. 118 என்பது முதல் அலையின் உச்சியான 120-க்குக் கீழே வந்துவிட்டது. மூன்றாம் விதி உடைந்தது. ஒரு கவுண்ட் ஒழிந்தது, நல்லது. விதியின் பயன் இதுதான், இதை நான் மறுக்கவே இல்லை.

மிச்சம் என்ன? முதலாவது, 100-இலிருந்து 150 வரை ஏ-பி-சி என்ற மூன்று அலைகள், பெரிய இறக்கத்துக்கு நடுவே வந்த திருத்தம். அப்படியானால் இனி 100-க்கும் கீழே போக வேண்டும். இரண்டாவது, 120 முதல் அலை, 108 இரண்டாம் அலை, 150 என்பது மூன்றாம் அலைக்குள் இருக்கும் சின்ன ஒன்று, 118 சின்ன இரண்டு. அப்படியானால் மூன்றாம் அலையின் நடுப்பகுதி இனிமேல்தான், பேயோட்டம் ஓடும். மூன்றாவது, போக்கின் தொடக்கத்தில் வரும் விரியும் லீடிங் டயகனல். இதில் நான்கு ஒன்றுக்குள் நுழையலாம், ஆனால் ஐந்தாம் அலை மூன்றைவிட நீளமாக இருக்க வேண்டும். மூன்று 42 புள்ளி ஓடியது, ஆகவே 118-இலிருந்து 160-ஐத் தாண்ட வேண்டும். ஒரே சார்ட், ஒரே விதிகள், மூன்றிலும் மீறல் இல்லை. ஒன்று விற்கச் சொல்கிறது, ஒன்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறது, ஒன்று இன்னும் கொஞ்சம் ஏறி முடியும் என்கிறது.

நம் ஆசான் இரண்டாவதை எடுத்தார். எடுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விலை 155-க்குப் போய்த் திரும்பி 118-ஐ உடைத்தது. "சின்ன இரண்டு இன்னும் முடியவில்லை, அது விரிந்த ஃபிளாட்டாக ஓடுகிறது" என்றார். விரிந்த ஃபிளாட் என்ற பக்கவாட்டுத் திருத்தத்தில் பி அலை, ஏ தொடங்கிய இடத்தைத் தாண்டலாம். ஆகவே 150 ஏ-யின் தொடக்கம், 118 ஏ, 155 பி, இப்போது சி. விதி உடையவில்லை. பிறகு விலை 107. இப்போது சின்ன ஒன்று தொடங்கிய 108 போய்விட்டது, சின்ன இரண்டு செத்தது. உடனே புதிய படம்: "பெரிய இரண்டாம் அலையே இன்னும் முடியவில்லை. 120-இலிருந்து 108 ஏ, 108-இலிருந்து 155 பி, இப்போது சி. 100 உடையாதவரை எந்த விதியும் உடையவில்லை."

கணக்கைப் பாருங்கள். ஏ அலை 12 புள்ளி. பி அலை 47 புள்ளி. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. விரிந்த ஃபிளாட்டில் பி பொதுவாக ஏ-யின் ஒன்றேகால், அதிகம் போனால் ஒன்றரை மடங்குக்குள் நிற்கும். ஆனால் அது வழிகாட்டி, விதி அல்ல. அதனால் அவர் சொன்னது சரி: விதி உடையவில்லை! வாங்கச் சொன்ன விலையிலிருந்து சந்தை எங்கே கிடக்கிறது என்பது மட்டும் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. நடந்து முடிந்த கல்யாணத்துக்கு உட்கார்ந்து ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல இருக்கிறது இது.

"அனுபவம் இல்லாதவனுக்குத்தான் கவுண்ட் குழப்பும், தேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே கவுண்டுக்கு வருவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியா? எனக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்த மூத்த நண்பர் ஒருவர் உண்டு. பொறுமைசாலி, கையால் சார்ட் வரைந்து பழகியவர். ஒரு நாள் ஒரே வாராந்தர சார்ட்டை ஆளுக்கொரு தாளில் எடுத்துக்கொண்டு, பேசாமல் தனித்தனியாக எண்ணினோம். நான் மிகத் தாழ்ந்த அடியிலிருந்து தொடங்கினேன். அவர் அதற்கு அடுத்து வந்த, சற்று உயரமான அடியிலிருந்து தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "விலையின் அடி வேறு, அலையின் முடிவு வேறு. ஐந்தாம் அலை சில நேரம் மூன்றின் எல்லையைத் தாண்டாமலே முடிந்துவிடும். இந்த இறக்கம் அப்படித்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்" என்றார். என் தாளில் நான்காம் அலையாக இருந்தது அவர் தாளில் இரண்டாம் அலை. என் கணக்கில் இன்னும் ஓர் ஏற்றம்தான் பாக்கி, அவர் கணக்கில் பெரிய ஏற்றமே இனிமேல்தான். இரண்டு தாளிலும் ஒரு விதிகூட உடையவில்லை. அவர் அனுபவமில்லாதவரா? அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது. எண்களை ஒட்டும் முன்பே தாளின் மூலையில் பென்சிலால் ஒரு விலையை எழுதிவைப்பார். அந்த விலை வந்தால் தாளைக் கிழிப்பார், திருத்த மாட்டார்.

நான் கேட்டது அந்த ஒரு விலையை மட்டும்தான். அதற்கா இவ்வளவு ஏச்சு?

"மாற்றுக் கவுண்ட் வைத்துக்கொள்வது இந்த முறையிலேயே உள்ளதுதானே?" உண்மைதான், இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதன்மைக் கவுண்ட் ஒன்று, மாற்று ஒன்று என்று முன்கூட்டியே போட்டு, எந்த விலையில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவேன் என்று சொன்னால் அது நேர்மையான வேலை. ஆனால் மாற்று என்பது விலை உடைந்த மறுநாள் பிறப்பது அல்ல. "எல்லா டெக்னிக்கல் முறையும் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்ததுதான்" என்பதும் எனக்குப் பதில் ஆகாது. மூவிங் ஆவரேஜ் உங்களுக்கும் எனக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் நாம் வேறுபடுவோம். இங்கே கோடு போடும்போதே வேறுபட்டுவிடுகிறோம்.

பெரிய பெயர்களுக்கும் இதுதான் கதி. இந்த முறையை உலகத்துக்கு மறுபடி அறிமுகப்படுத்திய ராபர்ட் பிரெக்டர் 1995-இல், பெரும் உச்சி நெருங்கிவிட்டது, பெரும் சரிவு வரும் என்று நூலே எழுதினார். டௌ ஜோன்ஸ் அந்த ஆண்டுதான் 5,000-ஐத் தாண்டியது. 2000 ஜனவரியில் 11,700-க்கும் மேலே நின்றது. எலியட் வகுத்த விதிகள் அந்த ஐந்து ஆண்டுகளும் அப்படியே இருந்தன. அவரைக் குறை சொல்ல வரவில்லை. எழுத்தில் போட்டார், எல்லாரும் பார்த்தார்கள், அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். அவருக்கே அந்த நிலை என்றால், வகுப்பு எடுக்கும் நம் ஆசானுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. உடைக்கவே முடியாத விதி என்கிறார்களே, அந்த விதிக்குள்ளேயே அளவுகோல் தகராறு இருக்கிறது. முதல் அலை 100-இலிருந்து 120. மூன்றாம் அலை 110-இலிருந்து 131. ஐந்தாம் அலை 124-இலிருந்து 149. புள்ளியில் அளந்தால் 20, 21, 25. மூன்று குட்டையில்லை, கவுண்ட் பிழைத்தது. சதவீதத்தில் அளந்தால் 20, 19.1, 20.2, மூன்றுதான் குட்டை, கவுண்ட் செத்தது. சாதாரண அளவில் வரைந்த சார்ட்டும் லாக் அளவில் வரைந்த சார்ட்டும் ஒரே விதிக்கு இரண்டு தீர்ப்புச் சொல்கின்றன. நான்காம் அலையிலும் அப்படியே. முடிவு விலையை மட்டும் பார்த்தால் முதல் அலைக்குள் நுழையவில்லை, நாளின் தாழ்ந்த விலையைப் பார்த்தால் நுழைந்துவிட்டது. ஃப்யூச்சர்ஸில் நாள் நடுவே சற்று நுழைந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. எதை வைத்து அளக்கிறீர்கள் என்று அந்த வகுப்பில் யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டால் "விதியைப் படித்துவிட்டு வா" என்பார்களோ என்னவோ.

என்னைப் பொறாமைக்காரன் என்று எழுதியவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. நான் வகுப்பு நடத்தவில்லை, டிப்ஸ் விற்கவில்லை. அலைகளை இன்றும் எண்ணுகிறேன், நாளையும் எண்ணுவேன். இது பயனில்லாத முறை என்று நான் எங்குமே சொல்லவில்லை, சொன்னதாகப் படம் எடுத்துப் பரப்புகிறவர்கள் ஒருமுறை மேலே போய்ப் படிக்கவும். ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது என்று தெளிவாகச் சொல்லக்கூடிய முறைகளில் இதுவும் ஒன்று, அந்த விலையை மறைக்காமல் எழுதினால்.

கீழே உங்கள் கவுண்டைப் போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம். படத்தோடு மூன்றை மட்டும் எழுதுங்கள்: எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள், புள்ளியா சதவீதமா, எந்த விலையில் ரத்து. ரத்து விலை இல்லாத படத்தை நீக்கிவிடுவேன். அதற்காக என்னைச் சர்வாதிகாரி என்று திட்டுவதானால் அதையும் இங்கேயே திட்டிவிடுங்கள், அந்தக் கருத்தை நீக்க மாட்டேன்.