லெவரேஜ் லாபத்தை 500 மடங்காக்காது

நாணயங்களை வாங்கி விற்கும் ஃபாரெக்ஸ் வர்த்தகத்தில், கையில் உள்ள பணத்தைவிடப் பல மடங்கு பெரிய வர்த்தகத்தைத் திறக்கத் தரகர் தரும் வசதிதான் லெவரேஜ். அதைப் பற்றி லாப ஸ்கிரீன்ஷாட்டோடு இப்படிச் சொல்வார்கள்:

"300 டாலர் போட்டு 1:500 லெவரேஜ் எடுத்தால் லாபமும் 500 மடங்கு. தினமும் 20 பிப் பிடித்தாலே 200 டாலர்!"

20 பிப்புக்கு 200 டாலர் என்ற கணக்கு சரிதான், ஆனால் அதைத் தருவது லெவரேஜ் இல்லை, லாட், அதாவது வர்த்தகத்தின் அளவு. யூரோ/டாலர் ஜோடியில் ஒரு பிப் என்றால் விலையில் 0.0001 மாற்றம், ஒரு முழு லாட் 1,00,000 யூரோ, அதனால் பிப்புக்கு 10 டாலர். லெவரேஜ் 1:30 ஆனாலும் 1:500 ஆனாலும் இந்தப் பத்து மாறாது. லெவரேஜ் தீர்மானிப்பது ஒன்றைத்தான், அந்த லாட்டைத் திறக்க எவ்வளவு பணத்தை மார்ஜினாக முடக்க வேண்டும் என்பதை.

சரி, கணக்கைப் போடுவோம். 1.1000 விலையில் ஒரு லாட் வாங்கினால் மதிப்பு 1,10,000 டாலர், 1:500-இல் மார்ஜின் 220. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்பிரெட் ஒன்றரை பிப் என்றால் வாங்கிய நொடியிலேயே 15 டாலர் நஷ்டம் காட்டும் (இதை அந்த ஸ்கிரீன்ஷாட்டில் யாரும் காட்டுவதில்லை). அப்புறம் விலை இறங்குகிறது. கையிருப்பு மார்ஜினில் பாதியாக, அதாவது 110 டாலராகக் குறைந்தால் தரகர் தானாகவே வர்த்தகத்தை மூடிவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல தரகர்களின் விதி இதுதான். 300-இல் 190 போக 19 பிப் போதும், ஸ்பிரெட்டும் அதில் அடக்கம். யூரோ/டாலர் சாதாரண நாளிலேயே அதைவிட அதிகம் ஆடும்; மாலையில் விலை 1.1050-க்கு ஏறினாலும் உங்கள் லாட் அப்போது இருக்காது.

அதே 300 டாலரில் 0.01 லாட் எடுத்திருந்தால் பிப்புக்கு 10 சென்ட்தான். 20 பிப்புக்கு 2 டாலர் லாபம், எதிராகப் போனால் 2 டாலர் நஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் சில்லறை வர்த்தகருக்கு முக்கிய ஜோடிகளில் 1:30-தான் உச்சம், அங்கே இந்த 300 டாலருக்கு 0.08 லாட்டுக்கு மேல் திறக்கவே முடியாது.