ஒரு புள்ளி படுத்தும் பாடு

துபாய் தேராவில் ஒரு மளிகைக் கடையின் கடன் நோட்டை, கோர்ட்டுக்காக அரபியில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து ஒரே வரியில் மண்டை காய்கிறது: "ப. 35."

அந்த "ப." பற்றா, பணமா? பற்று என்றால் வாடிக்கையாளர் கடனுக்குச் சரக்கு எடுத்திருக்கிறார், அரபியில் 'மதீன்' பத்தி. பணம் என்றால் கட்டியிருக்கிறார், 'தாயின்' பத்தி. ஒரே எழுத்து, நேரெதிர் அர்த்தம்!

அடுத்து, 35-க்குப் பின்னால் வைத்த புள்ளி. நமக்கு அது வெறும் முற்றுப்புள்ளி. அரபி எண்களில் சுழியமே புள்ளிதான். அதையும் சேர்த்து எழுதினால் படிப்பவருக்கு 350. போதாக்குறைக்கு அரபி ஐந்து நம் சுழியம் மாதிரி வட்டமாக இருக்கும், சரிபார்க்கும்போது கண் ஏமாறும்.

முந்தைய பாக்கி 410, அடுத்தது 445. ஆக, பற்று, 35 திர்ஹம். இங்கே தப்பித்தேன். அடுத்த பக்கத்தில் பாக்கியே போடாமல் பன்னிரண்டு வரி ஓடுகிறது. ஒன்றுக்கெல்லாம் தலையில் கொக்கி, ஏழா என்று தெரியவில்லை. அந்த வரிகளில் 'தெளிவில்லை' என்றுதான் குறிக்க முடியும். நஷ்டம் கடைக்காரருக்கு.

அண்ணாச்சி, 'பற்று' என்று முழுசாக எழுத இன்னும் இரண்டே எழுத்துதானே!